பங்கில் நிவாரணம் திரட்டி முடித்தபின் நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி?

பெரும்பாலான பங்குகளில் நன்றி என்பது ஒரே வரி அறிவிப்பாக முடிந்துவிடுகிறது. திருப்பலி இறுதியில், "நிவாரணத்துக்குத் தாராளமாக உதவிய அனைவருக்கும் நன்றி" என்று வாசிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டே மக்கள் கலைவார்கள். அடுத்த முறை உண்டியலை எடுத்துக்கொண்டு அன்பியக் கூட்டத்துக்குப் போகும்போதுதான் கேள்வி வரும்: "போன தடவை கொடுத்தது என்ன ஆச்சு?"

அந்தக் கேள்வி எழாதபடி எழுதுவதுதான் நன்றிக் கடிதம். அதில் பாதி நன்றி, பாதி கணக்கு. கணக்கு இல்லாத நன்றி வெறும் உபசாரமாகப் படும். நன்றி இல்லாத கணக்கோ தணிக்கை அறிக்கை போல இருக்கும்.

விளக்கத்துக்கு ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் வெள்ளம். மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மதுரைப் பக்கம் 300 குடும்பங்களும் 12 அன்பியங்களும் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கு, டிசம்பர் 8, 15 ஆகிய இரு ஞாயிறுகளில் பணமும் பொருளும் திரட்டி, 18ஆம் தேதி விழுப்புரம் பக்கத்தில் 150 குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். பங்கும் கீழே வரும் தொகைகளும் மாதிரிக்காக அமைத்தவை. முறை எந்தப் பங்குக்கும் பொருந்தும்.

எழுதும் முன்: பெயர்களும் தொகையும்

கடிதம் எழுத உட்காரும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி நான்கு காகிதங்களை ஒரே மேசையில் வையுங்கள். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, 12 அன்பியங்களின் நோட்டுகள், பொருள்கள் வரவுவைத்த நோட்டு. ஞாயிறு காணிக்கையை எண்ணிய அன்றே இருவர் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லையென்றால் அந்தத் தொகையைக் கடிதத்தில் சொல்லும்போது யாராவது "அன்னிக்கு அதுக்கு மேலேயே எண்ணினோமே" என்பார். அவரை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

பணத்தைச் சரிபார்ப்பதைவிடக் கடினம் பெயர்களைச் சரிபார்ப்பது. யூபிஐ வழியாக வந்த தொகையில் தெரிவது கைப்பேசிக்குச் சொந்தக்காரரின் பெயர். மூன்றாவது தெருவில் இருக்கும் பாட்டி, சென்னையில் வேலை பார்க்கும் பேரனிடம் சொல்லி 1,000 ரூபாய் அனுப்பியிருப்பார். வங்கி அறிக்கையில் பேரன் பெயர் இருக்கும். நீங்கள் பேரனுக்கு நன்றி எழுதினால் பாட்டி வெளியே ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் மனதில் வைத்துக்கொள்வார். அதனால் பங்குக் குடும்ப அட்டையில் இல்லாத ஒவ்வொரு யூபிஐ பெயரையும் அந்தந்த அன்பியப் பொறுப்பாளரிடம் காட்டி, "இது யார் வீட்டுப் பணம்?" என்று கேளுங்கள். ஒரு பட்டியலை வாட்ஸ்ஆப்பில் பொதுவாகப் போட்டுக் கேட்க வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

இறந்தவர் நினைவாகக் கொடுத்தவர்கள் தனி வகை. ரசீதில் "அமரர் அப்பா நினைவாக, பிள்ளைகள்" என்று இருந்தால் கடிதமும் அப்படியே சொல்ல வேண்டும். பிள்ளைகளில் மூத்தவர் பெயரை மட்டும் எடுத்து எழுதிவிட்டால் மற்ற மூவருக்கும் கொடுத்தது யார் என்ற வருத்தம் வரும். பெயர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தவர்களைப் பட்டியலில் வேறு நிறத்தில் குறித்துவையுங்கள். அவர்களுக்கும் கடிதம் உண்டு. ஆனால் அது உறையில் போய் அவர் கையில் சேர வேண்டும், அறிவிப்புப் பலகையில் அல்ல.

ஒரு கடிதம் போதாது

எல்லோருக்கும் ஒரே கடிதம் எழுதுவதுதான் வழக்கமான தவறு. பணம் கொடுத்தவர் தெரிந்துகொள்ள விரும்புவது அது எங்கே போனது என்பதை. இரவு பதினொரு மணி வரை பருப்பு நிறுத்துப் பொட்டலம் போட்ட இளைஞருக்கு அந்த எண்கள் இரண்டாம் பட்சம். தான் செய்ததை யாராவது பார்த்தார்களா என்பதுதான் அவருக்கு முக்கியம். லாரியை வாடகை இல்லாமல் தந்த பக்கத்துத் தெரு ஜமாத்துக்கு எழுதும் கடிதத்தின் மொழியே வேறு. ஆகவே நான்கு தயாரியுங்கள்: கோவிலில் வாசிக்கும் பொதுக் கடிதம், கொடையாளர் கடிதம், தன்னார்வலர் கடிதம், பங்குக்கு வெளியே உள்ளவர்களுக்கான கடிதம்.

பொதுக் கடிதம்

இதை வாசிக்கும் இடம் திருப்பலியில் நன்றி மன்றாட்டு முடிந்து, இறுதி ஆசீருக்கு முன். அங்கே உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடத்தில் 150 முதல் 180 சொற்கள்தான் போகும். அதற்கு மேல் எழுதினால் வாசிப்பவர் ஓடுவார், கடைசிப் பத்தி யார் காதிலும் விழாது.

சொல்ல வேண்டியவை மூன்று: எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, மிச்சம் என்ன ஆகும். நம் மாதிரியில் அது இப்படி வரும்:

"இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க! ஃபெஞ்சல் புயலில் பாதிக்கப்பட்ட மக்களுக்காக நம் பங்கில் டிசம்பர் 8, 15 ஞாயிறுகளில் திரட்டிய பணம் 1,47,750 ரூபாய். 640 கிலோ அரிசியும் 118 போர்வைகளும் பொருளாக வந்தன. 18ஆம் தேதி 150 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு பாய், ஒரு போர்வை என்று கொடுத்தோம். குறைந்த அரிசியையும் போர்வையையும் கடையில் வாங்கிச் சேர்த்தோம். பைகளும் டீசலும், உடன் சென்றவர்களின் சாப்பாடும் சேர்த்து மொத்தச் செலவு 1,06,400 ரூபாய். மீதி 41,350 ரூபாய் பங்குக் கணக்கில் தனியே இருக்கிறது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், அதே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வாங்க அது செலவாகும். அந்தக் கணக்கும் பலகையில் ஒட்டப்படும். ரசீது, பில் எல்லாம் பங்கு அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கொடுத்தவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் பங்கின் சார்பில் நன்றி."

கவனியுங்கள், உடன் சென்றவர்களின் சாப்பாட்டுச் செலவு மறைக்கப்படவில்லை. பலர் அதைப் போக்குவரத்தில் சேர்த்து ஒளித்துவிடுவார்கள். பிறகு யாரோ ஒருவர் ஹோட்டல் பில்லைப் பார்த்து, "நிவாரணக் காசுல பிரியாணி சாப்பிட்டாங்க" என்று பேச ஆரம்பிப்பார். முன்கூட்டியே நாமே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

மீதித் தொகை இன்னும் முக்கியம். கொடுத்தவர்கள் மனதில் இருப்பது வெள்ள நிவாரணம். மிச்சத்தைக் கோவில் வர்ணம் பூசவோ திருவிழாவுக்கோ எடுத்தால், கடிதத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது நம்பிக்கை மோசம்தான். மிச்சம் அதே மக்களுக்குப் போக வேண்டும். வேறு வழியே இல்லாமல் மாற்றுவதானால் பங்குப் பேரவையில் தீர்மானம் போட்டு, அதைக் கடிதத்தில் சொல்லுங்கள்.

பொதுக் கடிதத்தில் கொடையாளர் பெயரும் தொகையும் சேர்ந்து வரவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 25,000 கொடுத்தவர் பெயரை முதலில் வாசித்தால், கூலி வாங்கிய கையோடு 50 ரூபாய் போட்டவர் பின்பெஞ்சில் தலைகுனிவார். கோவிலில் இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டுதோறும் மறையுரையில் புகழ்ந்துவிட்டு, அறிவிப்பில் வேறு கணக்குப் பார்ப்பது பொருந்தாது. பெரிய தொகைக்காரருக்குத் தனிக் கடிதம் போகட்டும்.

கொடையாளர் கடிதம்

இதற்கு ஒரு பக்கம் போதும். பங்கின் முகப்புத்தாள், தேதி, பெயர், பிறகு கடிதம். முதல் வரியிலேயே அவர் கொடுத்ததைச் சொல்லுங்கள். "எல்லாம் வல்ல இறைவனின் அளப்பரிய கிருபையாலும்..." என்று தொடங்கி நாலாவது வரியில் விஷயத்துக்கு வரும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த முன்னுரையில் கடிதம் பெறுபவருக்கென்று எதுவும் இல்லை, யாருக்கும் அனுப்பலாம். வழக்கமாக வரும் வாக்கியம் ஒன்று:

"தங்கள் பொற்கரங்களால் வாரி வழங்கிய நன்கொடை ஏழை எளியோரின் கண்ணீரைத் துடைத்துள்ளது."

இதையே இப்படி எழுதலாம்:

"டிசம்பர் 8 அன்று நீங்கள் கொடுத்த 3,000 ரூபாய் கிடைத்தது. ரசீது எண் 47. அந்தப் பணம் திரட்டிய மொத்தத்தோடு சேர்ந்து, விழுப்புரம் மாவட்டத்தில் வெள்ளம் புகுந்த 150 வீடுகளுக்கு மளிகையும் பாய், போர்வையும் வாங்க உதவியது. அங்கே எல்லோரும் முதலில் கேட்டது பாய்தான். ஈரத் தரையில் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியவில்லை என்றார்கள்."

பாய் பற்றிய அந்த ஒரு வரி கடிதத்தின் உயிர். அதை எழுத, பொருள் கொடுக்கப் போனவர்களிடம் அவர்கள் திரும்பிய இரவே கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "எல்லாரும் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்காது. கற்பனையாக எதையும் சேர்க்காதீர்கள். போய்வந்தவர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்.

பொருளாகக் கொடுத்தவருக்குப் பொருளையே எழுதுங்கள். "இரண்டு சிப்பம் பொன்னி அரிசி" என்றால் அப்படியே. ரூபாய்க்கு மாற்றி மதிப்புப் போட வேண்டாம். பழைய துணி கொடுத்தவர்களுக்கு எழுதுவது சற்றுச் சங்கடம். கிழிந்ததும் சாயம் போனதுமாகப் பாதி கழிந்திருக்கும். அதைக் கடிதத்தில் குறை சொல்ல வேண்டாம். அடுத்த திரட்டின் அறிவிப்பில், துவைத்த, பொத்தான் உள்ள துணி மட்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வரிவிலக்குப் பற்றி எழுதும் வரிதான் அதிகம் சிக்க வைப்பது. 80ஜி பிரிவின் சலுகை, அந்தப் பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு. ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நலனுக்கென்று அமைந்த நிறுவனத்துக்கு அந்தப் பதிவு கிடைக்காது. அதனால் பங்கின் கணக்கில் போட்ட பணத்துக்குப் பொதுவாக இந்தச் சலுகை இராது. மறைமாவட்டத்தின் சமூகப் பணி மையம் தனியாகப் பதிவு பெற்றிருந்து, பணம் நேராக அதன் கணக்குக்குப் போயிருந்தால் கதை வேறு. அப்போதும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததற்குச் சலுகை இல்லை. அரிசி, போர்வை போன்ற பொருளுக்கும் இல்லை. பதிவு பெற்ற அமைப்பு வருமானவரித் துறையிடம் கொடைக் கணக்கைத் தாக்கல் செய்து, உரிய சான்றிதழைத் தர வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களையும் படிவங்களையும் ஆடிட்டரிடம் கேட்டு எழுதுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் கடிதத்தில் வரிவிலக்கு என்ற சொல்லே வேண்டாம். "இது ரசீது மட்டுமே, வரிச் சான்றிதழ் அல்ல" என்று ஒரு வரி அடியில் போடுவது நல்லது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எழுதும்போது இன்னும் ஒரு கவனம் வேண்டும். துபாயில் வேலை செய்யும் நம்மூர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை பெற்றுவிட்ட அவர் அண்ணன் அனுப்பினால், அவர் விடுமுறைக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும், அது அயல்நாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவும், அதற்கென்று டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கணக்கும் இல்லாத பங்கு அதைப் பெறக் கூடாது. ஆகவே, "வெளிநாட்டு உறவுகளும் தொடர்ந்து உதவுங்கள்" என்ற வரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஒரே கடிதத்தில் போட்டு வாட்ஸ்ஆப்பில் விடாதீர்கள். நன்றிக் கடிதத்தில் அடுத்த கோரிக்கையை நுழைப்பதே அசிங்கம், இதில் சட்டச் சிக்கல் வேறு.

தன்னார்வலர் கடிதம்

இங்கே தொகை வேண்டாம், வேலை வேண்டும். "அயராது உழைத்த இளைஞர்களுக்கு நன்றி" என்பது எல்லா ஆண்டும் எல்லா நிகழ்ச்சிக்கும் வரும் வரி. அதற்குப் பதில் யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள்: "16, 17 தேதிகளில் மறைக்கல்வி வகுப்பறையில் 150 கிலோ துவரம்பருப்பை ஒரு கிலோவாக நிறுத்துப் பொட்டலம் போட்டீர்கள். ஒன்றுகூட எடை குறையவில்லை என்பதை, கொடுக்கும் இடத்தில் சோதித்துப் பார்த்தோம்."

தவறு நடப்பது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலில்தான். ஐந்து பேர் பெயரை எழுதி ஆறாவது ஆளை விட்டால், அந்த ஆறாவது ஆள் அடுத்த முறை வரமாட்டார். நாங்கள் பின்பற்றும் விதி எளிது: எல்லோர் பெயரும், இல்லையென்றால் யார் பெயரும் இல்லை. பெயர் போடுவதானால் வேலை நடந்த நாள்களின் வருகைத் தாளை எடுங்கள். வருகைத் தாள் வைக்காத பங்கில் குழுப் பெயரோடு நிற்பதே பாதுகாப்பு: இளையோர் இயக்கம், மரியாயின் சேனை, மூன்றாம் அன்பியத்துப் பெண்கள். வருகைத் தாளிலும் வராதவர்கள் உண்டு. வகுப்பறையைப் பெருக்கிய கோவில்பிள்ளை, இரவில் டீ போட்டுக் கொடுத்த சிஸ்டர்கள், லாரி கிளம்பும்வரை விழித்திருந்த காவல்காரர். இவர்களை யாரும் தன்னார்வலராக எண்ணுவதே இல்லை.

பதின்ம வயதினருக்குக் கடிதம் கொடுக்கும்போது அவர்கள் பெயருக்கே எழுதுங்கள், அப்பா பெயருக்கு அல்ல. கல்லூரியில் காட்ட வேண்டும் என்று சிலர் சான்றிதழ் கேட்பார்கள். அதில் வேலை செய்த நாளும் வேலையும் மட்டும் இருக்கட்டும். வராத நாளைச் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பங்குக்கு வெளியே

ஜமாத் நிர்வாகிக்கும், விலை குறைத்துத் தந்த மளிகைக் கடைக்காரருக்கும் எழுதும் கடிதத்தில் "இயேசுவில் அன்புள்ள" வேண்டாம், வேத வசனமும் வேண்டாம். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம்" போதும். "எங்கள் பணிக்கு இறைவன் உங்களைக் கருவியாக்கினார்" என்ற தொனியும் தவிர்க்க வேண்டியது. அவர் தன் மனதால் தந்தார், நம் கருவியாக அல்ல. லாரி எந்தத் தேதியில், எங்கிருந்து எங்கே போனது, ஓட்டுநர் வழியில் என்ன உதவி செய்தார் என்று எழுதி, பங்குத்தந்தையும் பேரவைச் செயலரும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமாகட்டும். ஓட்டுநருக்கும் தனியே ஒரு கடிதம். கடைக்காரர் கொடுத்த தள்ளுபடியின் தொகையை மட்டும் எங்கும் போடாதீர்கள். மறுநாளே வேறு பத்துப் பேர் அதே விலை கேட்டு அவர் கடைக்குப் போவார்கள்.

படமும் கையெழுத்தும் நாளும்

கடிதத்தோடு படம் வைப்பதானால் அடுக்கிய பொட்டலங்கள், லாரி, வேலை செய்யும் கைகள் போதும். பை வாங்கக் கை நீட்டி நிற்கும் பெண்ணின் முகம் வேண்டாம். அவருக்கும் ஊரும் உறவும் உண்டு. அந்தப் படம் வாட்ஸ்ஆப்பில் அவர் மகள் வீட்டுக்கே போய்ச் சேரும். பிள்ளைகள் முகம் கண்டிப்பாகக் கூடாது.

கையெழுத்துப் பங்குத்தந்தையுடையது மட்டும் இருந்தால் அது அவருடைய தனிப்பட்ட நன்றியாகத் தெரியும். பங்குப் பேரவைச் செயலரும் பொருளாளரும் சேர்ந்து போட வேண்டும், ஏனென்றால் கணக்குக்கு அவர்கள்தான் பொறுப்பு. தனிக் கடிதங்களில் பேனாவால் ஒரு வரி சேர்த்தால் ஜெராக்ஸ் வாசனை போய்விடும். 60 கடிதம் என்றாலும் மூவர் உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடியும்.

நாளைப் பொறுத்தவரை, நம் மாதிரியில் 18ஆம் தேதி பொருள் கொடுத்தாயிற்று என்றால் பொதுக் கடிதம் 22ஆம் தேதி ஞாயிறன்றே வாசிக்கப்பட வேண்டும். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் கூட்டம் அதிகம் என்று தள்ளிவைத்தால், குடிலைப் பார்க்கவும் கேக் வாங்கவும் போகும் கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். தனிக் கடிதங்கள் ஜனவரி முதல் வாரத்துக்குள் போய்விடட்டும். விடுபட்ட பெயர் ஒன்று எப்படியும் வரும். அப்போது மன்னிப்பைக் காதோடு சொல்லி முடிக்காமல், பெயர் விடுபட்டது பொதுக் கடிதத்தில் என்றால் அடுத்த ஞாயிறு அதே ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். எல்லாக் கடிதங்களின் நகலும் ரசீது அடிக்கட்டைகளோடு ஒரே கோப்பில் இருக்கட்டும். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனாலும் அடுத்தவர் கையில் முதலில் சேர வேண்டியது அந்தக் கோப்பு.